ஒரு கேபிள், இரண்டு கம்ப்யூட்டர், 640 ஜிபி

அக்கா வீட்டுக்காரர் கல்யாண போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். ஆறு வருஷத்துக் கல்யாணங்களும் காதுகுத்துகளும் வளைகாப்புகளும் ஒரு பழைய கம்ப்யூட்டரின் டி டிரைவில், ஒரே ஃபோல்டரில் கிடந்தன. புதுக் கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. ஃபோல்டரை அதற்கு மாற்ற வேண்டும். அளவு 640 ஜிபி. சனிக்கிழமை சாயங்காலம் நான் போனபோது வைஃபை வழியாக காப்பி ஓடிக்கொண்டிருந்தது. நிமிஷக் கணக்கு காட்ட வேண்டிய இடத்தில் `More than 1 day` என்று திரை சொல்லியது.

"மாப்ள, திங்கட்கிழமை ஆல்பம் டெலிவரி இருக்கு. இது ஓடி முடியறதுக்குள்ள அவங்களுக்குப் புள்ளையே பொறந்துடும்" என்றார்.

வேகம் நொடிக்கு 4 எம்பி. அதற்குக் காரணம் ரவுட்டரின் தரம் மட்டுமல்ல. வீட்டு வைஃபையில் இரண்டு கம்ப்யூட்டரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. பழையது ரவுட்டருக்கு அனுப்பும். ரவுட்டர் அதையே திரும்பப் புதியதுக்கு அனுப்பும். ஒரே படம் ஒரே காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது. பக்கத்துக் கடைகளின் வைஃபையும் அதே காற்றில்தான் நெரிசல் பண்ணிக்கொண்டிருக்கிறது.

வெளி ஹார்டு டிஸ்க்கில் போட்டு எடுக்கலாமே என்று தோன்றும். அதிலும் இரண்டு முறை காப்பி: ஏற்ற ஒரு முறை, இறக்க ஒரு முறை. பழைய கம்ப்யூட்டரில் இருந்ததோ யுஎஸ்பி 2 போர்ட்டுகள்தான். நொடிக்கு 35 எம்பி வந்தாலே பெரிது, அந்தக் கணக்கில் ஏற்ற மட்டுமே ஐந்து மணி நேரத்துக்கு மேல். அவ்வளவு காலி இடமுள்ள டிஸ்க்கும் கையில் இல்லை.

ஆனால் இரண்டு கம்ப்யூட்டரின் முதுகிலும் சதுரமாக ஒரு ஈதர்நெட் போர்ட் இருந்தது. மேசை டிராயரில் ஒரு கேபிள் சுருண்டு கிடந்தது. ஒரு முனையை இதிலும் மறுமுனையை அதிலும் செருகினேன்.

"நடுவுல பாக்ஸ் ஒண்ணும் வேண்டாமா?" என்று கேட்டார் மாமா.

வேண்டாம். ஆனால் அவர் சந்தேகப்பட்டதிலும் ஒரு நியாயம் உண்டு. பழைய ஈதர்நெட்டில் கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளில் நான்குதான் வேலை செய்தன: இரண்டு பேசுவதற்கு, இரண்டு கேட்பதற்கு. சாதாரணக் கேபிளால் இரண்டு கம்ப்யூட்டரை நேராக இணைத்தால், இதன் வாய் அதன் வாயோடும், இதன் காது அதன் காதோடும் போய் முட்டும். அதனால் பேசும் ஜோடியையும் கேட்கும் ஜோடியையும் மாற்றிப் போட்ட கிராஸோவர் கேபிள் என்று ஒன்றைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அது இல்லாவிட்டால் நடுவில் ஒரு ஹப்போ சுவிட்ச்சோ வேண்டும்.

இன்று அந்தத் தொல்லை இல்லை. போர்ட்டே எது வாய், எது காது என்று பார்த்து உள்ளுக்குள் மாற்றிக்கொள்கிறது. இதற்கு ஆட்டோ எம்டிஐ-எக்ஸ் என்று பெயர். இதில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. குறுகலான சந்தில் எதிரெதிரே வரும் இரண்டு பேர் ஒரே பக்கமாக ஒதுங்கி, மறுபடி ஒரே பக்கமாக ஒதுங்கித் திண்டாடுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு போர்ட்டும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டால் இதே கதைதான். அதனால் ஒவ்வொரு போர்ட்டும் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல ஒழுங்கற்ற இடைவெளிகளில் மாற்றிப் பார்க்கிறது. எப்படியும் ஒரு கட்டத்தில் ஒன்று மாறும்போது மற்றது சும்மா இருக்கும், வழி கிடைத்துவிடும். கிகாபிட் வேகமுள்ள போர்ட் ஒரு பக்கம் இருந்தாலே பெரும்பாலும் இது நடக்கும். 100 மெகாபிட் மட்டும் தெரிந்த மிகப் பழைய போர்ட்டுகள் இரண்டு பக்கமும் இருந்தால்தான் கிராஸோவர் கேபிளைத் தேட வேண்டும்.

செருகியதும் போர்ட் ஓரத்தில் விளக்கு எரிந்தது. திரையில் `Unidentified network` என்றும், இன்டர்நெட் இல்லை என்றும் வந்தது. மாமா முகம் வாடிவிட்டது. நிறைய பேர் கைவிடுவது இந்த இடத்தில்தான். உண்மையில் எதுவும் கெட்டுப்போகவில்லை. இந்தக் கேபிளின் மறுமுனையில் இருப்பது இன்னொரு கம்ப்யூட்டர். அதில் இன்டர்நெட்டைத் தேடினால் எங்கிருந்து வரும்?

இல்லாமல் போனது வேறு ஒன்று: முகவரி. வீட்டில் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி கொடுப்பது ரவுட்டர். நாம் அதை ஒதுக்கிவிட்டோம். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் "யாராவது முகவரி கொடுங்கள்" என்று கேட்டுப் பார்க்கும். பதில் வராவிட்டால் `169.254` என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே குத்துமதிப்பாக எடுத்து, "இது வேறு யாரிடமாவது இருக்கிறதா?" என்று கம்பியில் ஒரு குரல் கொடுத்துவிட்டு வைத்துக்கொள்ளும். அந்த முகவரியைக் கொண்டே வேலையை முடிக்கவும் முடியும். ஆனால் கேபிளைப் பிடுங்கிச் செருகினால் அது மாறக்கூடும். நானே முகவரி எழுதிவிடுவது வழக்கம்.

விண்டோஸில் அதற்குக் குறுக்கு வழி, `Win`, `R` இரண்டையும் சேர்த்து அழுத்தி `ncpa.cpl` என்று தட்டுவது. `Ethernet` மீது வலது கிளிக் செய்து `Properties`, அதில் `Internet Protocol Version 4 (TCP/IPv4)`, மறுபடி `Properties`. அங்கே `Use the following IP address` என்பதைத் தேர்ந்தெடுத்துப் பழைய கம்ப்யூட்டரில் இப்படி எழுதினேன்:

```
IP address:   192.168.50.1
Subnet mask:  255.255.255.0
```

புதியதில் கடைசி எண் மட்டும் 2. `Default gateway`, டிஎன்எஸ் கட்டங்களைக் காலியாகவே விட்டேன். கேட்வே என்பது வெளியுலகத்துக்குப் போகும் வாசல். இந்தக் கேபிளில் அப்படி ஒரு வாசல் இல்லை என்று சொல்லிவிட்டால், கம்ப்யூட்டர் இன்டர்நெட்டுக்கு வைஃபையையே தொடர்ந்து பயன்படுத்தும். காப்பி ஒரு பக்கம் ஓட, மாமா இன்னொரு பக்கம் மெயில் பார்க்கலாம். மூன்றாவது எண்ணை 50 என்று வைத்ததும் காரணத்தோடுதான். ஸ்டூடியோ வைஃபை `192.168.1` என்ற வரிசையில் இருந்தது. கேபிளுக்கும் அதே வரிசையைக் கொடுத்தால், ஒரே தெருப்பெயர் ஊரில் இரண்டு இடத்தில் இருந்தால் தபால்காரர் குழம்புவதுபோல விண்டோஸும் குழம்பும்.

புதுக் கம்ப்யூட்டரில் `ping 192.168.50.1` என்று தட்டினேன். `Request timed out`. விளக்கு எரிகிறது, முகவரி சரி, ஆனாலும் பதில் இல்லை. இது கேபிள் கோளாறு அல்ல. அடையாளம் தெரியாத எந்த நெட்வொர்க்கையும் விண்டோஸ், பேருந்து நிலையத்து இலவச வைஃபை போலப் பொது இடமாக வைத்தே பார்க்கும். ஃபயர்வால் கதவைச் சாத்திக்கொள்ளும். நம்ம வீட்டு நெட்வொர்க்தான் என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட வேண்டும். அதற்கு பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ஒரு வரி:

```
Set-NetConnectionProfile -InterfaceAlias "Ethernet" -NetworkCategory Private
```

கேபிளைப் பிடுங்கிச் செருகினால் இது பழையபடி பொது இடமாகிவிடக்கூடும். அப்போது இந்த வரியை மறுபடி ஓட்ட வேண்டியதுதான். இதோடு, பகிர்வு அமைப்புகளில் `File and printer sharing` இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். பிறகு பிங் அடித்தால் `time<1ms` என்று வரிசையாக நான்கு பதில் வந்தது.

இனி ஃபோல்டரைப் பகிர வேண்டும். பழைய கம்ப்யூட்டரில் ஃபோல்டர் மீது வலது கிளிக், `Properties`, `Sharing`, `Advanced Sharing`. பகிர்வுக்கு `Kalyanam` என்று பெயர் வைத்தேன். அனுமதியில் `Read` மட்டும். புதுக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளப் போகிறது, அவ்வளவுதானே? பழையதில் எழுதவோ அழிக்கவோ அதற்கு உரிமை எதற்கு? கை தவறி ஏதாவது நடந்தாலும் மூலம் பத்திரமாக இருக்கும்.

புதியதில் `\\192.168.50.1\Kalyanam` என்று தட்டியதும் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது.

"நான் பாஸ்வேர்டே வச்சதில்லையே மாப்ள. ஆன் பண்ணுனா நேரா உள்ள போயிரும்."

அதுதான் சிக்கல். பாஸ்வேர்டு இல்லாத கணக்கை விண்டோஸ் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் திறக்கும். கம்பி வழியாக வருபவருக்குத் திறக்காது. பாஸ்வேர்டு கட்டத்தைக் காலியாக விட்டு எத்தனை முறை அழுத்தினாலும் உள்ளே விடாது. பழைய கம்ப்யூட்டர் கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டு வைத்ததும் கதவு திறந்தது. நான்கு இலக்கப் பின் போட்டு உள்ளே போகிறவர்களுக்கும் இதே அனுபவம் கிடைக்கும்: பின் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டுமே சொந்தம், இங்கே கணக்கின் முழுப் பாஸ்வேர்டுதான் செல்லும்.

முகவரியில் கம்ப்யூட்டரின் பெயரைப் போடாமல் எண்ணைப் போட்டதைக் கவனித்திருப்பீர்கள். பெயரைக் கொடுத்தால் எந்த வழியாகப் போவது என்பதை விண்டோஸே முடிவு செய்யும். சில நேரம் வைஃபை வழியே கிளம்பிவிடும். கேபிளைச் செருகியும் வேகம் ஏறவில்லை என்று புலம்புகிறவர்கள் `Task Manager`-இல் `Performance` பக்கத்தைத் திறந்து, எந்தக் கோடு துள்ளுகிறது, `Wi-Fi`-யா `Ethernet`-ஆ என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

சோதனைக்கு ஒரு பெரிய வீடியோவை இழுத்துப் போட்டேன். நொடிக்கு 11.2 எம்பி. ஆடாமல் அசையாமல் 11.2.

மாமாவுக்குச் சந்தோஷம், முன்னைவிட மூன்று மடங்கு. எனக்கு அந்த எண்ணைப் பார்த்ததுமே உறுத்தியது. கம்பியின் வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள். காப்பியின் வேகத்தை பைட்டில் காட்டுவார்கள். எட்டு பிட் ஒரு பைட். 100 மெகாபிட் கம்பியில், நிர்வாகச் செலவுகள் போக, திரையில் தெரிவது 11 சொச்சம். 1000 மெகாபிட் கம்பியில் 112 சொச்சம். ஆக, 11-ல் ஒரே கோடாக நிற்கும் வேகம் டிஸ்க்கின் பலவீனமோ விண்டோஸின் சோம்பலோ அல்ல. இணைப்பு கிகாபிட்டில் பேசாமல் 100-ல் பேசுகிறது என்பதற்கு அதுவே வாக்குமூலம். உறுதி செய்ய பவர்ஷெல்லில் `Get-NetAdapter` தட்டினேன். `LinkSpeed` கீழே `100 Mbps`. இந்த வேகத்தில் 640 ஜிபிக்கு 16 மணி நேரம்.

இரண்டு கம்ப்யூட்டருமே கிகாபிட் போர்ட் உள்ளவை. அப்படியானால் சந்தேகம் கேபிள் மேல்தான் விழ வேண்டும். அதன் முனையில் இருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கிளிப்பை டியூப்லைட் பக்கம் பிடித்துப் பார்த்தோம். எட்டுப் பள்ளங்களில் நான்கில்தான் கம்பி இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு. நான்கும் ஐந்தும் ஏழும் எட்டும் வெறும் பள்ளம். ஏதோ ஒரு பெட்டியோடு இலவசமாக வந்த கேபிள். 100 மெகாபிட்டுக்கு நான்கு கம்பி போதும் என்பதால் செலவை மிச்சப்படுத்தியிருக்கிறார்கள். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நான்கு, ஐந்து, ஏழு, எட்டில் ஒன்று உள்ளே அறுந்திருந்தாலும் பெரும்பாலும் இதேதான் நடக்கும். பிழை என்று எதுவும் வராது, வேகம் மட்டும் சத்தமில்லாமல் பத்தில் ஒன்றாக இறங்கிவிடும்.

தெருமுனைக் கடை அடைப்பதற்குள் ஓடி, உறையில் கேட்-5இ என்று அச்சிட்ட இரண்டு மீட்டர் கேபிள் ஒன்றை வாங்கி வந்தேன். கேட்-6 கேட்டால் விலை ஏறும். கிகாபிட்டை 100 மீட்டர் வரை கொண்டுபோக 5இ போதும். செருகி, நெட்வொர்க் வகையை மறுபடி மாற்றியதும் `LinkSpeed` கீழே `1 Gbps`. அதே வீடியோ இப்போது 110-க்குப் பக்கத்தில் ஓடியது.

(பல மடிக்கணினிகளில் இப்போது இந்தப் போர்ட்டே இருப்பதில்லை, யுஎஸ்பி அடாப்டர் போட வேண்டும். அதில் கிகாபிட் என்று எழுதியிருந்தாலும் யுஎஸ்பி 2 ஓட்டையில் செருகினால் 35, 40-ஐத் தாண்டாது. 3-ல் செருகுங்கள்.)

முழு ஃபோல்டரையும் எலியால் இழுத்துப் போட்டிருக்கலாம். 640 ஜிபிக்கு நான் அதைச் செய்வதில்லை. நடுவில் ஒரு தடங்கல் வந்தால், எது போனது, எது போகவில்லை என்று யாருக்கும் தெரியாது. விண்டோஸோடு கூடவே வரும் ரோபோகாப்பி அதைக் கணக்கு வைத்துக்கொள்ளும். புதுக் கம்ப்யூட்டரில் தட்டியது இது:

```
robocopy \\192.168.50.1\Kalyanam D:\Kalyanam /E /MT:8 /R:2 /W:5 /XD Cache
```

`/E` உள்ளே இருக்கும் எல்லாத் துணை ஃபோல்டர்களையும் எடு என்பது. `/R:2 /W:5` என்றால் ஒரு ஃபைல் படிக்க வராவிட்டால் ஐந்து ஐந்து நொடி விட்டு இரண்டு முறை முயன்று, அதை விட்டுவிட்டு மேலே போ என்று பொருள். இதை எழுத மறந்தால் ரோபோகாப்பியின் பிடிவாதம் கதைக்கு உதவும் அளவுக்குப் போகும்: தானாக அது வைத்திருக்கும் கணக்கு, முப்பது நொடிக்கு ஒரு முறையாகப் பத்து லட்சம் முறை. கெட்டுப்போன ஒரே ஒரு போட்டோவின் முன் அது 347 நாள் தவம் இருக்கும்.

`/XD Cache` மாமாவின் ஃபோல்டரைத் திறந்து பார்த்த பிறகு சேர்த்தது. ஆல்பம் சாஃப்ட்வேர் ஒவ்வொரு கல்யாணத்துக்குள்ளும் `Cache` என்று ஒரு ஃபோல்டர் போட்டு, குட்டிக் குட்டிப் படங்களாக நிரப்பி வைத்திருந்தது. இந்தக் குட்டி ஃபைல்கள்தான் கேபிளின் வேகத்தைக் கொல்பவை. ஒரு 4 ஜிபி வீடியோவுக்குத் திற, எழுது, மூடு என்ற சடங்கு ஒரு முறை. அதே 4 ஜிபி, 20 கேபி வீதம் இரண்டு லட்சம் ஃபைல்களாக இருந்தால் சடங்கும் இரண்டு லட்சம் முறை. ஒவ்வொன்றையும் ஆன்டிவைரஸ் நிறுத்தி வைத்து மோந்து பார்க்கும். பழைய ஹார்டு டிஸ்க்கின் ஊசி ஒவ்வொன்றுக்கும் இடம் தேடி அலையும். கம்பி காலியாகக் கிடக்க, வேகம் இரண்டு மூன்று எம்பிக்கு வந்துவிடும். `/MT:8` எட்டு ஃபைல்களை ஒரே நேரத்தில் கையாண்டு இதைக் கொஞ்சம் சமாளிக்கும். ஆனால் தேவையில்லாததை எடுத்துப் போகாமல் இருப்பதுதான் சிறந்த வைத்தியம். சாஃப்ட்வேர் அந்தக் குட்டிப் படங்களைப் புதுக் கம்ப்யூட்டரில் தானே மறுபடி உண்டாக்கிக்கொள்ளும்.

இரண்டு கம்ப்யூட்டரும் நடுவில் தூங்கிவிடாதபடி `Sleep` நேரத்தை `Never` என்று வைத்துவிட்டு எட்டே காலுக்கு எண்டர் தட்டினேன். சாப்பிட்டுவிட்டு வந்தபோது 80-க்கும் 105-க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது பின்தங்கியது கம்பி அல்ல, பழைய ஹார்டு டிஸ்க். சுழலும் தட்டின் வெளி ஓரத்தில் இருப்பதை அது வேகமாகப் படிக்கும். உள்பக்கம் வர வர வேகம் இறங்கும். அதற்குக் கேபிளை மாற்றிப் பயன் இல்லை. 2.5 கிகாபிட் போர்ட் போட்டிருந்தாலும் இந்த டிஸ்க்கிடமிருந்து இதற்கு மேல் ஒரு எம்பி கூட வந்திருக்காது.

பத்தே கால் சுமாருக்கு முடிந்தது. கடைசியில் வந்த அட்டவணையில் `FAILED` என்ற பத்தியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதில் 3 இருந்தது. அதே கட்டளையை மறுபடி ஓட்டினேன். ஏற்கெனவே வந்தவற்றை, அளவும் தேதியும் ஒத்துப்போவதால், சும்மா எண்ணிக்கொண்டு தாண்டிப் போய், அந்த மூன்றை மட்டும் மறுபடி முயன்றது. இரண்டு வந்துவிட்டன, அவை மாமா இன்னொரு திரையில் திறந்து வைத்திருந்த ஆல்பம் பக்கங்கள், இப்போது மூடியிருந்தார். மூன்றாவது படிக்கவே வரவில்லை. டிஸ்க்கில் அந்த இடம் கெட்டிருந்தது. ஒரு தாலி கட்டும் படம், நல்லவேளை அதே நொடியில் எடுத்த ஏழெட்டில் ஒன்று.

"அப்ப இந்தப் பழைய டிஸ்க்கை அழிச்சிரலாமா?"

"ஒரு மாசம் அப்படியே வைங்க மாமா. கெட்ட இடம் ஒண்ணு இருந்தா இன்னும் இருக்கும். புதுசுலருந்து இன்னொரு காப்பி வேற டிஸ்க்குல எடுத்த பிறகு பாத்துக்கலாம்."

அடுத்த வியாழக்கிழமை போன் வந்தது. வைஃபை மெதுவாக இருக்கிறது என்று புதுக் கம்ப்யூட்டரை அந்தக் கேபிளாலேயே ரவுட்டரில் மாட்டியிருக்கிறார். இன்டர்நெட் கொஞ்சமும் வேகமாகவில்லை, கேபிள் பக்கம் இன்டர்நெட் இல்லை என்றே காட்டுகிறது. கேபிள் போய்விட்டதா என்று கேட்டார். போனது கேபிள் அல்ல, என் ஞாபகம். `192.168.50.2` என்று நான் எழுதிய முகவரி அங்கேயே உட்கார்ந்திருந்தது. ரவுட்டர் கொடுப்பதை வாங்கிக்கொள்ள அந்தப் போர்ட் தயாராக இல்லை. `ncpa.cpl` திறக்கச் சொல்லி, அதே கட்டத்தில் `Obtain an IP address automatically` என்பதை அழுத்தச் சொன்னேன்.

"வந்துருச்சு மாப்ள" என்றார். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"